நீண்ட இமைமுடி, பொம்மையாகாத கண்

ஒளிப்படத்தில் இமைமுடி பெரும்பாலும் நேரில் இருப்பதைவிடக் குட்டையாகத்தான் விழும். மேல் இமையின் முடி 8 முதல் 12 மில்லிமீட்டர் வரை வளரக்கூடியது. ஆனால் அது நேராக மேலே வளர்வதில்லை. முதலில் முன்னோக்கி நீண்டு, பிறகுதான் மேலே வளைகிறது. முகத்துக்கு நேர் எதிரே நிற்கும் கேமராவுக்கு அந்த முன்னோக்கிய பகுதி தெரியாது. அதோடு, ஒவ்வொரு முடியும் வேரில் தடித்து நுனியில் மெலிந்திருக்கும். நுனியின் நிறமும் சற்று வெளிறியிருக்கும். அந்த மெல்லிய நுனி பின்னால் உள்ள தோலின் நிறத்தோடு கலந்துபோகிறது. முடி படத்தில் இருக்கிறது, ஆனால் பார்ப்பவர் கண்ணில் படுவதில்லை.

ஒளிப்படத்தைத் திருத்துபவருக்கு வேலையின் வரிசையை இதுவே சொல்லிவிடுகிறது. முதலில் ஏற்கெனவே இருக்கிற முடியைக் கறுப்பாக்க வேண்டும். நுனி கறுத்தாலே முடி நீண்டதுபோலத் தோன்றும். ஒரு கோடுகூட வரையாமல் பாதி வேலை முடிந்துவிடும். அதற்குப் பிறகும் இடைவெளி உறுத்தும் இடங்களில் மட்டும் புதிய முடி வரையலாம். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். எடுத்தவுடன் நீளமான கோடுகளை இழுத்துவிட்டு, அவை தனியாகத் துருத்தித் தெரிவதைக் கண்டு, அடியில் உள்ள முடியையும் கறுப்பாக்கி ஈடுகட்டப் பார்க்கிறார்கள். திட்டுத் திட்டாக ஒட்டிய இமைமுடி பெரும்பாலும் இப்படித்தான் உருவாகிறது.

பொம்மைத் தோற்றம் எங்கிருந்து வருகிறது?

பொம்மையின் இமைமுடி எல்லாம் ஒரே நீளம், ஒரே இடைவெளி, ஒரே வளைவு, ஒரே கறுப்பு. வேரிலிருந்து நுனிவரை ஒரே தடிமன். உயிருள்ள கண்ணில் இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. மேல் இமையில் ஏறக்குறைய 90 முதல் 150 முடிகள் இருக்கும். அவை ஒரே வரிசையில் நிற்பதில்லை; இமையின் விளிம்பில் ஐந்தாறு ஒழுங்கற்ற வரிசைகளாக முளைக்கின்றன. பழைய முடி உதிர்வதும் புதியது முளைப்பதும் ஓயாமல் நடப்பதால் நீண்ட முடிக்குப் பக்கத்திலேயே பாதி வளர்ந்த ஒன்று நிற்கும். மூக்கை ஒட்டிய உள்மூலையில் முடி குட்டையாகவும் அடர்த்தி குறைந்தும் இருக்கும். நடுவைத் தாண்டி வெளிப்பக்கம் போகப் போக நீளம் கூடும்.

திசையும் மாறிக்கொண்டே போகும். உள்மூலை முடிகள் மூக்கின் பக்கம் சாய்கின்றன. நடுவில் உள்ளவை மேல்நோக்கி நிற்கின்றன. வெளிமூலையில் உள்ளவை நெற்றிப்பொட்டை நோக்கிச் சரிகின்றன. விரித்த விசிறியின் குச்சிகளைப் போல இந்தச் சாய்வு சிறிது சிறிதாகத் திரும்பும். இதுவரை பலருக்கும் தெரியும். பலர் தவறவிடுவது வளைவைத்தான். நேர்முகப் படத்தில் நடுவில் உள்ள முடி கேமராவை நோக்கி நீண்டிருப்பதால் அதன் வளைவு தெரியாது. குட்டையான, ஏறக்குறைய நேரான கோடாகவே விழும். வெளிமூலை முடியைக் கேமரா பக்கவாட்டில் பார்ப்பதால் அதன் வளைவு முழுதாகத் தெரியும். நடுவில் உள்ள முடிக்கும் வெளிமூலைக்கு உரிய அதே அழகான வளைவைக் கொடுத்தால், மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் கண் பொம்மைக் கண்ணாகிவிடும். திருத்திய படங்களில் மிக அதிகமாகக் காணப்படும் தவறு இது.

கேமராவின் உயரமும் இதில் சேர்கிறது. கேமரா கண்மட்டத்துக்கு மேலே இருந்தால் மேல் இமைமுடி தாழ்ந்து, கருவிழியின் மேல்விளிம்பைத் தொடும். கீழே இருந்தால் அது இமையின் மேல் ஏறி, மடிப்பை மறைக்கும். புதிதாக வரையும் முடி எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை ஏற்கெனவே படத்தில் உள்ள மூன்று நான்கு தெளிவான முடிகளே காட்டிவிடும். அவற்றைப் பார்த்து வரைவது, மனத்தில் உள்ள இமை வடிவத்தை வரைவதைவிட எப்போதும் பாதுகாப்பானது.

ஒரு மணப்பெண் படம்

திருமண ஆல்பத்துக்காக எடுத்த ஒரு மணப்பெண் படத்தை எடுத்துக்கொள்ளலாம். 24 மெகாபிக்சல் கேமரா, நெடுக்குவாட்டுப் படம், அகலம் 4000 பிக்சல், உயரம் 6000 பிக்சல். தலையும் தோளும் படத்தை நிறைக்கின்றன. கண்ணில் காஜலும் மஸ்காராவும் இருக்கின்றன. வலக்கண்ணின் மஸ்காரா இரண்டு இடங்களில் காய்ந்து முடிகளைச் சேர்த்து ஒட்டியிருக்கிறது; இடக்கண்ணின் வெளிமூலையில் முடி குறைவாகத் தெரிகிறது.

முதலில் அளவுகோல் வேண்டும். முகத்திலேயே அது இருக்கிறது: பெரியவர்களின் கருவிழி வட்டத்தின் அகலம் ஆளுக்கு ஆள் அதிகம் மாறுவதில்லை, ஏறக்குறைய 11.5 முதல் 12 மில்லிமீட்டர்தான். இந்தப் படத்தில் கருவிழி 117 பிக்சல் அகலம் இருக்கிறது என்றால், ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 10 பிக்சல். 10 மில்லிமீட்டர் முடியின் உண்மையான நீளம் 100 பிக்சல். ஆனால் முன்னோக்கிய பகுதி சுருங்கித் தெரிவதால் படத்தில் நடுமுடி 40 பிக்சலும் வெளிமூலை முடி 60 பிக்சலும்தான் இருக்கின்றன. இந்த இரண்டு எண்களையும் குறித்துக்கொண்டால் போதும். வரையும்போது கை எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு எல்லை கிடைத்துவிடுகிறது. நடுமுடி 100 பிக்சலுக்கு நீண்டால் அது இந்தக் கோணத்தில் நடக்க முடியாத நீளம்.

இந்தப் படம் 12×18 அங்குல ஆல்பத் தாளில் முழுப்பக்கமாக அச்சாகும்போது கருவிழி சுமார் 9 மில்லிமீட்டர் அகலத்தில் வரும். அதாவது கண் அசல் அளவில் ஏறக்குறைய முக்கால் பங்கு இருக்கும். கைப்பேசித் திரையில் மறைந்துவிடும் பிழை அங்கே மறையாது.

ஒட்டியதைப் பிரித்தல்

கறுப்பாக்குவதற்கு முன் ஒட்டிய முடிகளைப் பிரிக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் ஒட்டிய திட்டும் சேர்ந்து கறுத்து, பிறகு பிரிப்பது கடினமாகிவிடும். ஃபோட்டோஷாப்பில் படத்தை 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, மேலே ஒரு காலி லேயர் சேர்த்து, Clone Stamp கருவியை எடுத்து, அதன் Sample அமைப்பை Current & Below என்று வைக்க வேண்டும். பிரஷ் அளவு 2 பிக்சல். ஒட்டிய முடிக்குப் பக்கத்தில் உள்ள இமைத் தோலை மாதிரியாக எடுத்து, நுனியிலிருந்து வேரை நோக்கி ஒரு மெல்லிய கோடாக இழுத்தால், அந்தத் தடித்த குஞ்சம் இரண்டாகவோ மூன்றாகவோ பிளக்கும். கோடு வேர்வரை போகக் கூடாது. வேரில் முடிகள் நெருங்கி நிற்பதே இயல்பு என்பதால், மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் நிறுத்தினால் பிளவு உண்மையாகத் தெரியும்.

எல்லாவற்றையும் பிரிக்கவும் தேவையில்லை. இரண்டு முடிகள் நுனியில் சேர்ந்து நிற்பது எல்லாக் கண்ணிலும் உண்டு. மஸ்காரா இல்லாத கண்ணிலும் உண்டு. நான்கைந்து சேர்ந்து கூராக நிற்கும்போதுதான் அது அழுக்குப்போலத் தெரிகிறது. கன்னத்தில் உதிர்ந்து கிடக்கும் மஸ்காராத் துகள்களையும் இந்தக் கட்டத்திலேயே Healing Brush கொண்டு எடுத்துவிடலாம்.

கறுப்பாக்குதல்

இமைமுடியைக் கறுப்பாக்க எளிய வழியாகப் பலரும் செய்வது, Burn கருவியை எடுத்து இமையின் மேல் தேய்ப்பது. அது முடியோடு இடைவெளியில் உள்ள தோலையும் கறுப்பாக்கும். இடைவெளி மூடிய மறுகணம் முடிகள் ஒட்டிவிட்டன என்றே கண் படிக்கிறது. முடி மட்டும் கறுத்து, நடுவில் உள்ள தோல் அப்படியே இருக்க வேண்டும். அதற்கு மாஸ்க்கை முடியின் வடிவத்திலேயே பெறுவது நல்லது. கையால் வரைவதைவிடப் படத்தின் சிவப்புச் சேனலிலிருந்து எடுப்பது வேகமானது.

எந்த நிறத் தோலானாலும் சிவப்புச் சேனலில்தான் அது மிக வெளிச்சமாக இருக்கும். கறுப்பு அல்லது அடர்பழுப்பு முடி அங்கேயும் இருட்டாகவே இருக்கும். ஆகவே தோலுக்கும் முடிக்கும் உள்ள வேறுபாடு அந்தச் சேனலில் அதிகம். Channels பலகத்தில் Red சேனலை நகலெடுத்து, `Ctrl+I` அழுத்தித் தலைகீழாக்கினால் முடி வெள்ளையாகவும் தோல் சாம்பலாகவும் மாறும். `Ctrl+L` அழுத்தி Levels திறந்து, சாம்பலான தோல் முழுக் கறுப்பாகும்வரை கறுப்பு முனையை உள்ளே தள்ள வேண்டும். நுனிகள் மறையத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன் நிறுத்துவது முக்கியம். காப்பாற்ற வேண்டியதே அந்த நுனிகளைத்தான். இப்போது அந்தச் சேனலின் சிறுபடத்தை `Ctrl` அழுத்திக்கொண்டு கிளிக் செய்தால் தேர்வு கிடைக்கும். அதோடு ஒரு Curves அட்ஜஸ்ட்மென்ட் லேயரைச் சேர்த்தால், மாஸ்க் தானாக முடி வடிவில் அமைந்துவிடும். புருவம், தலைமுடி, கருவிழி ஆகியவையும் அதில் சேர்ந்திருக்கும் என்பதால், இமைமுடி தவிர மற்ற எல்லாவற்றின் மேலும் மாஸ்க்கில் கறுப்பு பூசிவிட வேண்டும். பச்சை, நீல நிற ஐ ஷாடோ போட்ட இமைக்கு இந்த வழி சரிவராது. அந்த நிறங்களும் சிவப்புச் சேனலில் இருட்டாகத் தெரியும். அங்கே 3 பிக்சல் பிரஷ்ஷால் ஒவ்வொரு முடியாக மாஸ்க்கில் வெள்ளை தீட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

Curves வளைகோட்டின் நடுப்புள்ளியை 128-லிருந்து 85 அளவுக்குக் கீழே இழுத்தால் இந்தப் படத்துக்குப் போதும். லேயரின் பிளெண்ட் மோடை Luminosity ஆக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒளி குறையும்போது நிறச்செறிவும் கூடி, முடியின் ஓரத் தோல் செம்மஞ்சளாகிவிடும்; அந்தச் சூடான விளிம்பைப் பார்த்தவுடன் படத்தில் கை வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

எவ்வளவு கறுப்பு? Info பலகத்தில் எண்களைப் பார்த்தே முடிவு செய்யலாம். இந்தப் படத்தில் கருவிழியின் நடுவிலுள்ள பாப்பாவின் சிவப்பு மதிப்பு 14, முடியின் வேர் 34, நுனி 120, பின்னால் உள்ள தோல் 178 என்று வைத்துக்கொள்ளலாம். திருத்திய பிறகு நுனி 90-க்கு அருகில் வரும், வேர் 25-ஐ ஒட்டி வரும். நுனிக்கும் தோலுக்கும் இருந்த இடைவெளி ஒன்றரை மடங்குக்கு அருகில் கூடியிருக்கிறது. முடி நீண்டு தெரிவதன் காரணம் அதுதான். அதே நேரம் முகத்தில் மிகக் கறுப்பான இடம் இன்னமும் பாப்பாதான். இமைமுடி பாப்பாவைவிடக் கறுத்துவிட்டால் பார்ப்பவரின் பார்வை கண்ணுக்குள் போகாமல் விளிம்பிலேயே நின்றுவிடும். பாப்பாவின் எண்ணைத் தாண்டக் கூடாது என்ற ஒரே விதியைப் பின்பற்றினால் மிகையான கறுப்பு என்ற சிக்கலே வராது.

வேர் ஏற்கெனவே கறுப்பாக இருப்பதால் அங்கே மாஸ்க்கைச் சற்று மங்கலாக்கி, நுனியில் முழு வலுவோடு விடுவது இன்னும் நல்லது. காஜல் கோடும் வேரும் சேர்ந்து ஒரே கறுப்புப் பட்டையாவதை அது தடுக்கும்.

புதிய முடி வரைதல்

இப்போது படத்தை 100 சதவீதத்துக்குக் கொண்டுவந்து பார்த்தால், வலக்கண்ணுக்கு இனி எதுவும் தேவையில்லை என்று தெரியலாம். அப்படியானால் அங்கே நிறுத்திவிடுவதே சரி. இடக்கண்ணின் வெளிமூலையில் மட்டும் வெற்றிடம் இருக்கிறது. வரைய வேண்டியது அங்கேதான்.

பென் டேப்லெட் இருந்தால் வேலை எளிது. பிரஷ் அளவு 3 பிக்சல். `F5` அழுத்தி Brush Settings திறந்து, Shape Dynamics பகுதியில் Size Jitter-க்குக் கீழே உள்ள Control என்பதை Pen Pressure ஆக்க வேண்டும். Minimum Diameter 0 சதவீதம். வேரில் பேனாவை அழுத்தி ஊன்றி, நுனியை நோக்கி விரைவாக இழுத்து, இழுக்கும் ஓட்டத்திலேயே பேனாவைத் தூக்கிவிட வேண்டும். மெதுவாக, கவனமாக வரைந்தால் கோடு நடுங்கும்; முடி நடுங்காது. பிடிக்காத கோட்டை `Ctrl+Z` அழுத்தி நீக்கிவிட்டு மறுபடி இழுப்பதே வழக்கம். ஒரு கோட்டைத் திருத்திக்கொண்டிருப்பது நேர விரயம். டேப்லெட் இல்லாமல் மவுஸ் மட்டும் இருப்பவர்கள் அதே Control பட்டியலில் Fade என்பதைத் தேர்ந்து, பக்கத்தில் உள்ள எண்ணை மாற்றி மாற்றி ஒரு காலி லேயரில் இழுத்துப் பார்த்து, கோடு 60, 70 பிக்சலில் மெலிந்து முடியும்படி அமைத்துக்கொள்ளலாம். இலவச மென்பொருளான ஜிம்ப்பிலும் இதே வேலையை Dynamics பட்டியலில் உள்ள Pressure Size, Fade Tapering என்ற அமைப்புகள் செய்கின்றன.

நிறத்தை எப்போதும் படத்திலிருந்தே எடுக்க வேண்டும். பிரஷ் கையில் இருக்கும்போதே `Alt` அழுத்தி, தெளிவான ஒரு முடியின் நடுப்பகுதியைக் கிளிக் செய்தால் அந்த நிறம் வந்துவிடும். மண்டபத்தின் மஞ்சள் விளக்கில் எடுத்த படத்தில் அது கறுப்பாக இருக்காது. சிவப்பு கலந்த அடர்பழுப்பாக இருக்கும். மூன்று எண்களும் 0 ஆக உள்ள தூய கறுப்பு இந்த வெளிச்சத்தில் எந்தப் பொருளுக்கும் கிடையாது என்பதால், அதில் வரைந்த முடி தாளின் மேல் பேனாவால் கீறியதுபோலத் தனித்து நிற்கும்.

இரண்டு லேயர்களில் வரைவது பலன் தரும். அடியில் உள்ளதன் ஒளிபுகாத்தன்மையை 40 சதவீதமாக வைத்து அதில் ஏழெட்டுக் குட்டைக் கோடுகள்; மேலே உள்ளதை 70 சதவீதமாக வைத்து அதில் ஐந்தாறு நீளக் கோடுகள். பின்வரிசை மங்கலாகவும் முன்வரிசை தெளிவாகவும் இருப்பதால், இமையின் விளிம்பில் பல வரிசைகளாக முடி முளைத்திருக்கும் ஆழம் வந்துவிடுகிறது. எல்லாக் கோடுகளும் ஒரே எல்லைக்கோட்டிலிருந்து புறப்படாமல், சில இமை விளிம்புக்கு இரண்டு மூன்று பிக்சல் உள்ளேயிருந்து தொடங்க வேண்டும். நீளம் பக்கத்து முடியைவிட 10 முதல் 20 சதவீதம் மட்டுமே கூடலாம். வெளிமூலையில் 60 பிக்சல் முடிக்குப் பக்கத்தில் 66, 70. இடையில் ஒன்று 45. இந்த 45-ஐ விட்டுவிட்டு எல்லாவற்றையும் 70-க்கு இழுத்தால் சீப்புப் பல் வரிசை கிடைக்கும்.

கோடுகள் ஒன்றையொன்று கடக்கலாம். ஆனால் நுனியில் சந்திக்கக் கூடாது. நடுவில் குறுக்கே போகும் முடி இயல்பாகத் தெரிகிறது. நுனியில் கூடும் மூன்று முடிகள் மறுபடியும் ஒட்டிய மஸ்காராவாகிவிடும்.

கீழ் இமை இந்தக் கட்டுரைக்கு அதிக இடம் கேட்பதில்லை. அங்கே முடி 70, 80 தான். நீளம் 6 முதல் 8 மில்லிமீட்டர். சிறு சிறு கூட்டங்களாகவே வளர்கிறது. கறுப்பாக்கினால் போதும், அதுவும் மேல் இமைக்குத் தந்ததில் பாதி அளவுக்கு. கீழே கோடு வரைந்தே ஆக வேண்டும் என்றால் வெளிப்பக்க மூன்றில் ஒரு பங்கில் நாலைந்து. அதற்கு மேல் போனால் மேல் இமையில் எடுத்த கவனமெல்லாம் வீண். கண்ணுக்குக் கீழே சம இடைவெளியில் நிற்கும் கோடுகளைப்போலப் பொம்மையை நினைவூட்டுவது வேறில்லை.

கூர்மையும் மணியும்

வரைந்த கோடு எப்போதும் படத்தைவிடக் கூர்மையாக இருக்கும். லென்ஸ் வழியாக வந்த முடி அப்படி இருக்காது. 85 மில்லிமீட்டர் லென்ஸ், எஃப் 1.8 திறப்பு, ஒன்றரை மீட்டர் தூரம் என்ற வழக்கமான போர்ட்ரெய்ட் அமைப்பில் கூர்மையாக விழும் ஆழம் மொத்தமே சுமார் 3 சென்டிமீட்டர். முகம் சற்றுத் திரும்பியிருந்தால் ஒரு கண் அந்த எல்லைக்குள்ளும் மற்றது வெளியிலும் இருக்கும். மணப்பெண் படத்தில் இடக்கண் தொலைவில் இருக்கிறது; அங்கே உள்ள அசல் முடியே மங்கல்தான். ஆகவே வரைந்த இரண்டு லேயர்களுக்கும் Gaussian Blur கொடுத்து, பக்கத்தில் உள்ள அசல் முடியோடு ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றாகும் இடத்தில் நிறுத்த வேண்டும். கூர்மையான கண்ணுக்கு அரை பிக்சல் மங்கலே போதும். தொலைவில் உள்ள கண்ணுக்கு ஒன்றரை, இரண்டு தேவைப்படலாம். மங்கலாக்கினால் கோடு சற்று வெளிறும் என்பதால், தேவையானால் ஒளிபுகாத்தன்மையைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

உயர்ந்த ஐஎஸ்ஓவில் எடுத்த படத்தில் எங்கும் பரவியிருக்கும் மணிமணியான இரைச்சல் வரைந்த கோட்டில் இருக்காது. Add Noise மூலம் 2 அல்லது 3 சதவீதம், Monochromatic என்று குறியிட்டுச் சேர்த்தால் அச்சில் அந்த வழவழப்பு மறையும்.

கண்ணில் விழும் ஒளிப்புள்ளியின் மேல்விளிம்பில் சில மெல்லிய கருங்கோடுகள் தெரியும். அவை மேல் இமைமுடியின் பிரதிபலிப்பு. கண்ணைப் 'பளிச்'சென்று ஆக்குகிறோம் என்று அவற்றை அழித்துவிடுகிறவர்கள் உண்டு. மேலே நீண்ட முடி, கண்ணுக்குள் அதன் நிழல்கூட இல்லாத கண்ணாடிப் புள்ளி என்ற முரண்பாட்டைப் பார்ப்பவர் சொல்லத் தெரியாவிட்டாலும் உணர்வார். அவற்றைத் தொடாமல் விடுவதே நல்லது.

குறுக்கு வழிகள்

இணையத்தில் கிடைக்கும் இமைமுடி பிரஷ் தொகுப்புகள் ஒரே அழுத்தலில் முழு இமையையும் பதித்துவிடும். கோணமும் இமையின் வளைவும் அந்த முகத்தோடு ஒருபோதும் சரியாகப் பொருந்துவதில்லை. அதே அச்சைத் திருப்பி மறுகண்ணிலும் பதித்தால் இரண்டு கண்களும் கண்ணாடிப் பிம்பம்போல ஒத்துவிடும். உண்மையான முகத்தில் அப்படி ஒத்த கண்கள் கிடையாது. கைப்பேசிச் செயலிகள் தானாக ஒட்டும் இமைமுடியிலும் குறை இதேதான். Liquify மூலம் இருக்கும் முடியை இழுத்து நீட்டுவது இவற்றைவிட மேல், ஏனென்றால் அது அந்த முகத்தின் சொந்த முடி. ஆனால் முடியோடு அடியில் உள்ள தோலும் இழுபடும். 10 சதவீதத்தைத் தாண்டினால் இமை மடிப்பு அலைபோல வளைவது தெரிய ஆரம்பிக்கும்.

தலைகுனிந்து கீழே பார்க்கும் படத்தில் கணக்கே வேறு. இமை தாழ்ந்திருப்பதால் முடியின் முழு நீளமும் வளைவும் கன்னத்தின் மேல் விரிந்து தெரியும். அங்கே நீட்ட வேண்டிய தேவை மிகக் குறைவு. நீட்டினால் கன்னத்தில் விழும் நிழலையும் நீட்ட வேண்டும். நிழலை மறந்தால் முடி காற்றில் மிதக்கும். தாலி கட்டும் நேரத்துப் படங்கள் பெரும்பாலும் இவ்வகைதான், அவற்றில் கறுப்பாக்குவதோடு நிறுத்திவிடலாம்.

சரிபார்த்தல்

200 சதவீதத்தில் வேலை செய்த கண்ணுக்கு எது இயல்பு என்பது மறந்துபோயிருக்கும். படத்தைத் திரையில் கைப்பேசிப் படத்தின் அளவுக்குச் சுருக்கிப் பார்க்க வேண்டும். மேல் இமை ஒரே கறுப்புப் பட்டையாகத் தெரிந்தால் இடைவெளிகள் மூடிவிட்டன என்று பொருள். Curves லேயரின் மாஸ்க்கில் இரண்டு மூன்று இடங்களைத் திறந்துவிட வேண்டும். பிறகு படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்த்தால் நேராகப் பார்த்தபோது பழகிப்போன கோணல்கள் துருத்தும். கடைசியாக, இமைமுடி லேயர்கள் எல்லாவற்றையும் ஒரே தொகுதியாக்கி, அதன் ஒளிபுகாத்தன்மையைப் பூஜ்யத்துக்கு இறக்கி, மெதுவாக ஏற்ற வேண்டும். மாற்றம் முதலில் கண்ணில் படும் இடத்துக்குச் சற்று மேலே, பெரும்பாலும் 60, 70 சதவீதத்தில், நிறுத்தலாம். நூறு சதவீதத்தில் விட்ட படம் சில நாள் கழித்துப் பார்க்கும்போது ஏறக்குறைய எப்போதும் மிகையாகவே இருக்கும்.

ஆல்பத்திலும் குடும்பப் படத்திலும் இந்தத் திருத்தம் படத்தில் இருப்பவருக்கும் திருத்துபவருக்கும் இடையிலான விஷயம். மஸ்காரா விளம்பரத்தில் அப்படியில்லை. நடிகை நடாலி போர்ட்மன் தோன்றிய டியோர் நிறுவனத்தின் மஸ்காரா விளம்பரத்தை 2012 அக்டோபரில் பிரிட்டனின் விளம்பரத் தரக் கண்காணிப்பு அமைப்பு அதே வடிவில் மீண்டும் வெளியிடக் கூடாது என்று தீர்ப்பளித்தது. இமைமுடிகளைப் பிரித்ததையும், சிலவற்றின் நீளத்தையும் வளைவையும் கூட்டியதையும், விடுபட்ட முடிகளை நிரப்பியதையும் நிறுவனமே ஒப்புக்கொண்டிருந்தது. புகார் கொடுத்தது போட்டி நிறுவனமான லோரியல். அமெரிக்காவில் அதற்கு முந்தைய ஆண்டு, பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் தோன்றிய கவர்கேர்ள் மஸ்காரா விளம்பரத்தைப் புரோக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் இதே காரணத்துக்காகத் திரும்பப் பெற்றது. விற்கும் பொருளின் பலனையே படத்தில் வரைந்து காட்டுவது திருத்தமல்ல, ஏமாற்று. மஸ்காரா விளம்பரத்துக்கு வேலை செய்பவர் இமைமுடியில் கை வைக்கக் கூடாது.